மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால்: பாலூட்டும் தாய் முதல் மூன்று நாட்களில் செய்ய வேண்டியவை

குழந்தை பிறந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் மார்பு அழற்சி பெரும்பாலும் வரும். ஒரு பக்க மார்பில் மட்டும் ஓர் இடம் கனத்து, சூடேறி, தொட்டால் உயிர் போகும்படி வலிக்கும். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல நோகும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறும். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பெண் பிள்ளை பெற்றுக்கொண்டு பெரும்பாலும் தாயோடுதான் இருப்பாள். அதனால் முதல் தீர்ப்பை அம்மாவோ அம்மம்மாவோ சொல்லிவிடுவார்: "காய்ச்சல் பால் மகள், பிள்ளைக்குக் கொடுக்காதே."

அன்போடு சொல்லப்படுவதுதான், ஆனால் நோயைப் பெரிதாக்குவதும் அந்த வார்த்தைதான். பால் தேங்கத் தேங்க வீக்கம் கூடும், கிருமி பெருகும், சீழ்க்கட்டி உண்டாகும் வாய்ப்பும் கூடும். இந்தக் கட்டுரை முதல் தடவை தாயானவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும். மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாலை எப்படித் தொடர்ந்து கொடுப்பது? அன்டிபயோட்டிக் எப்போது வேண்டும்? சீழ் வைத்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

உள்ளே நடப்பது என்ன

மார்புக்குள் பால் வரும் குழாய்கள் மிக மெல்லியவை. அவற்றைச் சுற்றியுள்ள சதை வீங்கினால் குழாய்கள் நெருக்கப்பட்டு, பால் வழி குறுகிவிடும். "பால் கட்டிவிட்டது" என்று நாம் சொல்லும்போது ஏதோ ஒரு கட்டி குழாயை அடைத்து நிற்பதாகவும், அதை அழுத்தித் தள்ளினால் வழி திறக்கும் என்றும் நினைக்கிறோம். பெரும்பாலும் உள்ளே அப்படி ஓர் அடைப்பு இல்லை, வீக்கம்தான் இருக்கிறது. வீங்கிய இடத்தைப் பிசைந்தால் மேலும் வீங்கும்.

முதலில் வருவது இந்த அழற்சி. பல தாய்மாருக்கு அது கிருமி இல்லாமலேயே வந்து, ஒரு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு, குறிப்பாகக் காம்பில் வெடிப்பு இருப்பவர்களுக்கு, தோலிலும் குழந்தையின் மூக்கிலும் இயல்பாகவே வாழும் ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி உள்ளே நுழைந்துவிடும். அதன் பிறகே அன்டிபயோட்டிக்குக்கு வேலை வருகிறது. இந்த இரண்டு நிலைகளையும் முதல் சில மணி நேரத்தில் கண்ணால் பார்த்துப் பிரிப்பது வைத்தியருக்கும் கடினம். அதனால்தான் கடிகாரத்தை வைத்துத் தீர்மானிக்கிறோம்.

முதலாவது படி: பார்த்து, அளந்து, எழுதி வையுங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இரண்டு மார்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரசவித்து மூன்றாம் நாள் தொடக்கம் ஐந்தாம் நாள் வரை இரண்டு மார்பும் சேர்ந்து கல்லாகக் கனப்பது பால் இறங்குவதால் வருவது, அது வேறு. இங்கே நாம் தேடுவது ஒரு பக்கத்தில் ஒரு பகுதி, பெரும்பாலும் காம்பை நோக்கிக் கூராகும் முக்கோண வடிவில், சிவந்து சூடாக இருப்பதை. கறுத்த தோலில் சிவப்பு நன்றாகத் தெரியாது. அப்படியானவர்கள் நிறத்தை நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், தோல் இறுகிப் பளபளக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெப்பமானி வைத்து அளந்து, தொகையையும் நேரத்தையும் எழுதுங்கள். 38.5 பாகை செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 பாகை பரனைற், அதற்கு மேல் போனால் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு பேனையை எடுத்து, சிவந்த இடத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். சிவப்புத் தெரியாவிட்டால் தடித்திருக்கும் இடத்தின் ஓரத்தைச் சுற்றிப் போடுங்கள். நாளைக்கு அது கோட்டைத் தாண்டியதா, உள்ளே சுருங்கியதா என்று சந்தேகமில்லாமல் சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மாரி மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். மார்பு சிவந்திருப்பதால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. மார்பில் எந்தக் குறியும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதல்ல. டெங்கு, சிசேரியன் காயத்தில் கிருமி, சிறுநீர்ப் பாதைத் தொற்று, நாற்றத்தோடு கழிவு படும் கர்ப்பப்பைத் தொற்று எல்லாம் இதே நாட்களில் வரக்கூடியவை. பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் வரும் காரணம் தெரியாத காய்ச்சலோடு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது படி: பாலூட்டுங்கள், இரண்டு பக்கமும்

நிறைமாதத்தில் பிறந்த, சுகமான குழந்தைக்கு இந்தப் பாலால் கெடுதி இல்லை. அந்தக் கிருமி ஏற்கெனவே குழந்தையின் வாயிலும் மூக்கிலும் இருக்கும் கிருமிதான், பாலோடு உள்ளே போவதை எதிர்க்கும் பொருட்களும் அதே பாலில் இருக்கின்றன. தாயின் உடம்புச் சூட்டால் பால் கெட்டுப்போவதும் இல்லை. குறைமாதக் குழந்தையாகப் பிறந்து விசேட பராமரிப்புப் பிரிவில் இருந்தால் அங்குள்ள தாதியிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள். மார்பில் நீர்க்கொப்புளங்கள் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பாலூட்டுவது பற்றி ஏற்கெனவே வைத்தியர் தனி ஆலோசனை சொன்ன தாய்மார் அதையே பின்பற்ற வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்பதில் அண்மையில் ஆலோசனை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "நோவுள்ள பக்கத்தை முற்றாகக் காலி செய், கூடுதல் தடவை கொடு, மிச்சத்தைப் பிழிந்து எடு" என்று சொன்னோம். பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச வைத்தியர் அமைப்பு 2022இல் தன் வழிகாட்டலைத் திருத்தி எழுதியது. மிச்சம் விடாமல் கறந்து எடுத்தால், உடம்பு கூடுதல் பால் தேவை என்று நினைத்துக் கூடுதலாகவே சுரக்கும், வீக்கம் இறங்காது என்பதே காரணம். எனவே குழந்தை கேட்கும்போது, வழக்கம்போல, இரண்டு பக்கமும் கொடுங்கள். நிறுத்தவும் வேண்டாம், வலிந்து வடிக்கவும் வேண்டாம். பழைய ஆலோசனையை இன்றும் சிலர் சொல்வார்கள். இரண்டுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுதான்: பால் தேங்கக் கூடாது.

நோவு தாங்க முடியாவிட்டால் நல்ல பக்கத்தில் தொடங்குங்கள். பால் இறங்கத் தொடங்கியதும் குழந்தையை நோவுள்ள பக்கத்துக்கு மாற்றினால் இழுவையின் வலி குறைவாக இருக்கும். சில குழந்தைகள் அந்தப் பக்கத்தை மறுக்கும். அழற்சியின்போது பாலில் உப்புச் சுவை கூடுவது அதற்கு ஒரு காரணம். அப்படி மறுத்தால், குழந்தை வழக்கமாகக் குடிக்கும் அளவை மட்டும் கையால் மெதுவாகப் பிழிந்து, சுத்தமான கோப்பையில் எடுத்துச் சிறு கரண்டியால் கொடுங்கள்.

காம்பில் வெடிப்பு இருந்தால், குழந்தை வாய் வைக்கும் முறையைச் சரி செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. வாய் அகலத் திறந்த பிறகே குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நாடி மார்பில் முட்ட வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், கருவட்டத்தின் கீழ்ப்பகுதியில் பெரும்பங்கு வாய்க்குள் போக வேண்டும். குடித்து முடிந்து வெளியே வரும் காம்பு நசுங்கி, ஒரு பக்கம் சரிந்து, வெளிறி இருந்தால் பிடி சரியில்லை என்று பொருள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தடவை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பது அவருடைய கடமைகளில் ஒன்று, கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

ஒத்தடம் பற்றி வீடுகளில் எப்போதும் சண்டை வரும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூட்டுத் துணியைச் சில நிமிடம் வைப்பது பால் இறங்க உதவினால் செய்யலாம். ஆனால் வீக்கத்தையும் வலியையும் குறைப்பது குளிர் ஒத்தடம். ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி, பாலூட்டிய பிறகு பத்து நிமிடம் அளவில் வைக்கலாம். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். தோலின் மேல் வைக்கும் குளிர் உடம்புக்குள் இறங்கிச் சன்னியைக் கொண்டுவராது. அதற்கும் வீடு இணங்கவில்லையென்றால், சாதாரண தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாவது போதும். கொதிக்கும் வெந்நீர் ஒத்தடம், முட்டியாலும் சீப்பாலும் அழுத்தி இழுப்பது, எண்ணெய் போட்டு உருவுவது ஆகியவற்றை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பாலை வற்றச் செய்ய மார்பை இறுக்கிக் கட்டுவதும் இந்த நேரத்தில் ஆபத்து.

வலி மருந்து

பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் அளவை வைத்தியரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாலூட்டும்போது இது பாதுகாப்பானது. இபுபுரூபனும் பாலூட்டலுக்கு ஏற்றது, வீக்கத்தையும் குறைக்கும் என்பதால் இந்த நோய்க்கு அதுவே பொருத்தமானதும்கூட. ஆனால் டெங்குவாக இருந்தால் அது இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடிய மருந்து. டைக்குளோபெனாக்கும் அப்படியே. எனவே மழைக்காலத்தில் வைத்தியர் பார்த்து டெங்கு இல்லை என்று சொல்லும்வரை பரசிற்றமோலோடு நில்லுங்கள். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இபுபுரூபனைத் தாமாக எடுக்கக் கூடாது.

ஒரு சிறு ஒழுங்கு: மாத்திரை போடுவதற்கு முன் காய்ச்சலை அளந்து எழுதுங்கள். போட்ட பிறகு அளந்தால் மருந்து காய்ச்சலை மறைத்துவிடும், நோய் குறைகிறது என்று ஏமாந்துவிடுவீர்கள்.

மூன்றாவது படி: அன்டிபயோட்டிக் வேண்டுமா?

நன்றாக இருக்கும் தாய்க்கு, இலேசான காய்ச்சலும் சிறு சிவப்பும் மட்டும் என்றால், மேலே சொன்னபடி பாலூட்டி, ஓய்வெடுத்து, 24 மணி நேரம் பார்க்கலாம். அதற்குள் காய்ச்சலும் வலியும் இறங்கத் தொடங்கினால் அன்டிபயோட்டிக் தேவைப்படாது. 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றாலோ, 12 மணி நேரத்திலேயே தெளிவாகக் கூடுகிறது என்றாலோ அன்டிபயோட்டிக் வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. காம்பு வெடிப்பிலிருந்து சீழ் வருவது, நடுக்கத்தோடு 39 பாகைக்கு மேல் காய்ச்சல், எழுந்து நடக்க முடியாத அளவு தளர்ச்சி, இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் வருவது, தாய்க்கு நீரிழிவு இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

படுவான்கரையில் இருப்பவர்களுக்கு நான் வேறு கணக்குச் சொல்வேன். பின்னேரம் கடைசி பஸ் போன பிறகு, அல்லது வெள்ளத்தில் பாதை மூடிய பிறகு 24 மணி நேரம் முடிந்து என்ன பயன்? வாவிக்கு அப்பால், வைத்தியசாலை தொலைவாக உள்ள இடங்களில், காலையில் குறி தெரிந்தால் பகலுக்குள் குடும்பநல உத்தியோகத்தரோடு பேசிவிடுங்கள். கூடுகிறது என்று தோன்றினால் வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள். அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே அன்டிபயோட்டிக்கைத் தொடங்கப் போதும், முதல் நாளே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதில்லை.

வைத்தியரிடம் நான்கு விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நான் பாலூட்டுகிறேன், குழந்தைக்கு இத்தனை நாள், எனக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறது அல்லது இல்லை, குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தது அல்லது இல்லை. கடைசி விடயம் ஏன் என்றால், கோட்ரைமொக்சசோல் போன்ற சில மருந்துகள் ஒரு மாதத்துக்குட்பட்ட, மஞ்சள் காமாலை உள்ள குழந்தையின் தாய்க்கு ஏற்றவை அல்ல.

வழக்கமாகத் தரப்படுவது குளொக்சசிலின் அல்லது புளுகுளொக்சசிலின், 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு தடவை, 10 தொடக்கம் 14 நாள். செபலெக்சினும் கொடுப்பதுண்டு. இவை பாலில் மிகச் சிறிதளவே போகும், பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை. முதல் இரண்டும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டியவை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால் இரவுப் பாலூட்டலோடு கடைசி வேளையும் மறக்காது. நோன்பு காலத்தில் நான்கு வேளை மருந்தைப் பகல் நோன்போடு ஓட்டுவது முடியாத காரியம். நோயாளிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, பிறகு ஈடு செய்யலாம். வேளைகளை இரவுக்குள் சுருக்க வேண்டாம்.

வீட்டு அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலினை எடுத்துப் போடும் பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை சாதாரண அமொக்சிசிலினை உடைத்துவிடும் நொதியைச் சுரக்கின்றன. மருந்து போட்ட நிம்மதியோடு இரண்டு நாள் வீணாகும், அந்த இரண்டு நாளில்தான் சீழ் சேரும்.

யாராவது "மருந்து முடியும்வரை பாலை நிறுத்து" என்றால், கோபப்படாமல் திருப்பிக் கேளுங்கள்: "இந்த மருந்தோடு பால் கொடுக்கக் கூடாதா டொக்டர்? கொடுக்கக்கூடிய வேறு மருந்து தர முடியுமா?" இந்த நோய்க்குப் பாலூட்டலோடு ஒத்துப்போகும் மருந்து எப்போதும் உண்டு. மருந்து எடுக்கும் நாட்களில் குழந்தைக்கு வயிறு சற்று இளகலாம், வாயில் வெள்ளைப் படை வரலாம். வெள்ளைப் படையைக் கிளினிக்கில் காட்டி மருந்து பெறுங்கள், பாலை நிறுத்தாதீர்கள்.

நான்காவது படி: 48 மணி நேரம் கழித்துக் கையால் தேடுங்கள்

அன்டிபயோட்டிக்கின் முதல் வேளை எடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். அதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கி, வலி குறைந்து, சிவப்பு பேனைக் கோட்டுக்குள் சுருங்க வேண்டும். குறையவில்லையென்றால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: மருந்து அந்தக் கிருமிக்கு வேலை செய்யவில்லை, அல்லது சீழ் கட்டிவிட்டது. முதலாவதற்குப் பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி மருந்தை மாற்றுவார்கள். இரண்டாவதற்கு மாத்திரையால் மட்டும் தீர்வு கிடையாது. சீழ்ப் பைக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து போதியளவு போய்ச் சேராது, சீழை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

மார்பு அழற்சி வந்த தாய்மாரில் நூறில் மூன்று தொடக்கம் பதினொரு பேருக்குச் சீழ்க்கட்டி உண்டாகலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதை அறியும் வழி இதுதான். பாலூட்டி முடிந்து மார்பு தளர்ந்திருக்கும்போது, நான்கு விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாகத் தடவுங்கள். பால் தேங்கிய இடம் என்றால் குடித்த பிறகு இளகியிருக்கும். சீழ்க்கட்டி இளகாது, ஓரம் தெளிவாகத் தெரியும் தனிக் கட்டியாக நிற்கும், தொட்டால் ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக வலிக்கும். மேலாக இருந்தால் நடுவில் அழுத்தும்போது உள்ளே நீர் அசைவது போல இருக்கும். அதன் மேல் தோல் மெலிந்து பளபளத்து, ஊதா கலந்த கருமையாகி, உரியத் தொடங்கும். ஆழத்தில் இருந்தால் இந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லாமல் கட்டியும் வலியும் மட்டும் இருக்கும்.

பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான்: அன்டிபயோட்டிக் காய்ச்சலை இறக்கிவிடும், தாய் எழுந்து நடமாடுவார், வீட்டார் சுகம் என்று முடிவு கட்டுவார்கள், கட்டி மட்டும் அப்படியே இருக்கும். காய்ச்சல் போனதால் சீழ் போய்விட்டது என்று ஆகாது.

ஒரு தாயின் அனுபவம்

பலருக்கு நடந்ததைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டாக எழுதுகிறேன். மண்டூர்ப் பக்கத்தில் முதல் பிள்ளை பெற்ற தாய், குழந்தைக்கு 18 நாள். வலக் காம்பில் ஒரு கிழமையாக வெடிப்பு. செவ்வாய் இரவு வல மார்பின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. நோவு தாங்காமல் அன்றிரவு அந்தப் பக்கம் கொடுக்கவில்லை, இடப் பக்கத்தோடு சமாளித்தார். புதன் காலை 39.1 பாகை, நடுக்கம். குடும்பநல உத்தியோகத்தர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, காம்பில் சீழ் தெரிகிறதா என்பது. மஞ்சளாக ஏதோ கசிகிறது என்றார்கள். அதனால் 24 மணி நேரம் காத்திருக்கும் விதி இங்கே பொருந்தவில்லை. "இப்போதே புறப்படுங்கள், பிள்ளையையும் கொண்டு போங்கள், வழியில் பால் கொடுங்கள்" என்றார்.

வெளிநோயாளர் பிரிவில் டெங்குவையும் மனதில் வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குளொக்சசிலின் தொடங்கினார்கள். முதல் வேளை புதன் பகல் பன்னிரண்டு மணி. தாதி குழந்தையின் பிடியைத் திருத்திக் காட்டினார். அன்று முதல் வல மார்பிலும் குடித்தது, முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

வியாழன் காய்ச்சல் 38.2. வெள்ளி காலை 37.3. சிவப்பும் கோட்டுக்குள் சுருங்கியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்கு 48 மணி நேரம் முடிந்தது. பாலூட்டிய பிறகு தடவிப் பார்த்தபோது, வெளிப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டி இளகாமல் நின்றது. புதன் தடவியபோது அந்த இடம் முழுவதும் பரந்த கனமாக இருந்ததே தவிர, இப்படி ஓரம் தெரியும் கட்டியாக இருக்கவில்லை. திங்கள் கிளினிக் வரை பொறுக்கலாம் என்று பெண்ணின் தந்தை சொன்னார். பெண்ணின் தாயார் கேட்கவில்லை, அன்றைக்கே மகளைக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார்.

ஸ்கானில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் சீழ்ப் பை. விறைப்பு ஊசி போட்டு, ஊசியாலேயே உறிஞ்சி எடுத்தார்கள், 12 மில்லிலீற்றர் வந்தது. அதைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மறுபடி பார்த்து 4 மில்லிலீற்றர் எடுத்தார்கள், அதற்கடுத்த தடவை எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. பரிசோதனை முடிவும் குளொக்சசிலினே போதும் என்று சொன்னதால் அதே மருந்து 14 நாள் முடியும்வரை தொடர்ந்தது. பால் ஒரு நாளும் நிற்கவில்லை. வெள்ளி காலையில் காய்ச்சல் இல்லை என்பதைப் பார்த்துத் திங்கள்வரை விட்டிருந்தால் பை பெரிதாகி, தோல் மெலிந்து, கத்தி வைக்க வேண்டி வந்திருக்கலாம்.

சீழை எடுப்பது பற்றி

ஊசியால் எடுப்பதே இப்போது முதல் தெரிவு. தழும்பு பெரிதாக இல்லை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஸ்கான் பார்த்து மறுபடி எடுக்க வேண்டி வரலாம், முதல் தடவையோடு முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பை பெரிதாக இருந்தாலோ, தோல் மெலிந்து உடையும் நிலையில் இருந்தாலோ, பல அறைகளாக இருந்தாலோ சிறிதாக வெட்டி, சீழ் வடியக் குழாய் வைப்பார்கள்.

எந்த முறையானாலும் அந்த மார்பில் பால் கொடுக்கலாம், குழந்தையின் வாய் காயத்திலோ கட்டிலோ படாமல் இருந்தால் போதும். காயம் கருவட்டத்துக்கு மிக அருகே இருந்தால் அந்தப் பக்கம் சில நாட்கள் கையால் பிழிந்து எடுங்கள். காயத்தின் வழியாகப் பால் கசிவது பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது நாளடைவில் தானே மூடிவிடும். வீட்டில் ஊசியால் குத்துவது, பழுக்க வைக்கப் பற்றுப் போடுவது இரண்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் பை வெளியே தெரியும் புள்ளியைவிடப் பெரிதாக இருக்கும், வீட்டில் குத்தினால் பாதி சீழ் உள்ளேயே தங்கும்.

உடனே 1990

மூச்சு வேகமாதல், நெஞ்சு படபடப்பு அடங்காமை, கை கால் குளிர்ந்து போதல், குழப்பமாகப் பேசுதல், நாள் முழுக்கச் சிறுநீர் மிகக் குறைதல், சிவப்பு மணிக்கணக்கில் பரவுதல். இவற்றில் எது வந்தாலும் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை 1990இல் அழையுங்கள். குழந்தையும் தாயோடு போகட்டும், வார்ட்டில் கேட்டால் பக்கத்தில் வைத்துப் பாலூட்ட வழி செய்வார்கள்.

அன்டிபயோட்டிக் முழுவதும் முடிந்த பிறகு இன்னும் ஒரு தடவை, பாலூட்டிய பின், இரண்டு மார்பையும் தடவிப் பாருங்கள். கட்டியோ சிவப்போ தோல் தடிப்போ மிச்சம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் ஸ்கானுக்குக் கேளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே. அரிதாக மார்புப் புற்றுநோயின் ஒரு வகை இந்த அழற்சியைப் போலவே தோன்றும், பாலூட்டும் வயதில் அதை யாரும் நினைப்பதில்லை என்பதால் பிந்திவிடுகிறது. முதலில் தந்த மருந்துத் துண்டையும், நீங்கள் எழுதிய காய்ச்சல் கணக்கையும், ஸ்கான் அறிக்கையையும் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருங்கள். அடுத்த தடவை எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.